காந்த ஆடிக்குள் ஒரு எலக்ட்ரான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்ல மாறும் காந்தப்புலத்தில் மின்துகள் எப்படிச் சுருள் சுருளாகப் போய், ஓர் இடத்தில் திரும்பி வருகிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். அப்படித் துகளைத் திருப்பி அனுப்பும் வலிய புலப் பகுதிதான் காந்த ஆடி, இரு முனையிலும் ஆடி உள்ள புல அமைப்புதான் காந்தக் குடுவை. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே ஒரு காந்தக் குடுவையை எடுத்துக்கொண்டு, கடைசி வரை பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

குடுவை இதுதான். நீளவாக்கில் ஓர் அச்சு, அதன் பெயர் z. நடுவில் புலம் 0.1 டெஸ்லா. இரு பக்கமும் போகப் போகப் புலம் கூடுகிறது: B = B0 (1 + z²/a²), இதில் B0 = 0.1 டெஸ்லா, a = 25 செ.மீ. நடுவிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருபுறமும் குடுவையின் கழுத்து. அங்கே புலம் 0.5 டெஸ்லா. உள்ளே விடுவது 1000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள ஓர் எலக்ட்ரான்.

காந்தப்புலத்தில் துகள் வட்டமாகத்தானே சுற்றும்? சுருள் எங்கிருந்து வருகிறது?

திசைவேகத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். புலத்துக்குக் குறுக்கே உள்ள பகுதியை லாரன்ஸ் விசை வளைத்துக்கொண்டே இருக்கும், அது வட்டம். புலத்தின் போக்கிலேயே உள்ள பகுதியை, புலம் சீராக இருக்கும் வரை, அந்த விசை தொடுவதே இல்லை. வட்டமும் நேர் ஓட்டமும் சேர்ந்தால் சுருள்.

திசைவேகத்துக்கும் புலத்துக்கும் இடையில் உள்ள கோணத்தைச் சாய்வுக் கோணம் என்று சொல்லலாம். நம் எலக்ட்ரானை நடுவில் 45° சாய்வில் விடுகிறோம். அதன் மொத்த வேகம் வினாடிக்குச் சுமார் 18,750 கி.மீ. குறுக்கு வேகம், நேர் வேகம் இரண்டும் சமம்: தலா 13,260 கி.மீ. வட்டத்தின் ஆரம் r = m v⊥/(qB). கணக்கிட்டால் 0.75 மி.மீ. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 0.36 நானோ வினாடி. அதற்குள் எலக்ட்ரான் முன்னே நகரும் தூரம், அதாவது சுருளின் புரியிடைத் தூரம், 4.7 மி.மீ. ஒரு மீட்டர் நீளக் குடுவைக்குள் பென்சில் முனை அளவுள்ள ஒரு சுருள் ஓடுகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு வித்தியாசம் பின்னால் மிகவும் முக்கியமாகிவிடும்.

"மெல்ல மாறும் புலம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு மெல்ல?

துகள் ஒரு சுற்று முடிப்பதற்குள் அது காணும் புலம் சிறு பின்னமே மாற வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. புலம் இடத்தைப் பொறுத்து மாறினாலும் சரி, நேரத்தைப் பொறுத்து மாறினாலும் சரி, துகளின் கண்ணில் இரண்டும் ஒன்றே.

நம் குடுவையில் பார்ப்போம். நடுவிலிருந்து 12.5 செ.மீ. தள்ளிப் புலம் 125 மில்லி டெஸ்லா. அங்கே அது மீட்டருக்கு 0.4 டெஸ்லா வீதம் கூடுகிறது. அந்த இடத்தில் எலக்ட்ரான் ஒரு சுற்றில் முன்னேறுவது 3.3 மி.மீ. எனவே ஒரு சுற்றில் புலம் கூடுவது 1.3 மில்லி டெஸ்லா, அதாவது சுமார் 1 சதவீதம். இது நன்றாகவே மெல்ல.

காந்த விசை வேலையே செய்யாது என்று படித்தோம். அப்புறம் துகளை யார் நிறுத்தித் திருப்பி அனுப்புவது?

இந்தப் பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புலக்கோடுகள் கழுத்தை நோக்கி நெருங்குகின்றன. நெருங்கும் கோடு சாய்ந்துதான் போக வேண்டும். அப்படியானால் அச்சை நோக்கி ஒரு சிறிய ஆரப் புலமும் இருந்தே தீர வேண்டும். அதன் அளவை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. எந்த மூடிய பரப்பிலிருந்தும் வெளியேறும் மொத்தக் காந்தப் பாயம் சுழி என்ற விதியே சொல்லிவிடும்: Br = −(r/2) dB/dz.

12.5 செ.மீ. தொலைவில் எலக்ட்ரானின் வட்ட ஆரம் 0.67 மி.மீ. அதை மேலே உள்ள வாய்பாட்டில் போட்டால் ஆரப் புலம் 0.135 மில்லி டெஸ்லா. முதன்மைப் புலம் 125. கிட்டத்தட்ட 900-இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறியதை விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் எலக்ட்ரான் அச்சைச் சுற்றும்போது வட்டத்தின் எந்தப் புள்ளியில் இருந்தாலும் இந்த ஆரப் புலம் உள்நோக்கியே இருக்கிறது. சுற்று வேகத்தோடு அது சேர்ந்து தரும் விசை ஒவ்வொரு கணமும் ஒரே திசையில், கழுத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளுகிறது. வேறு எந்த விசையும் நீளவாக்கில் இல்லை. எதிர்ப்பே இல்லாத இடத்தில் சின்ன விசையும் பெரிய விசைதான்.

எண்ணில் சொன்னால் அது 3.2 × 10⁻¹⁶ நியூட்டன். எலக்ட்ரானின் நிறைக்கு, வினாடிக்கு வினாடி 3.5 × 10¹⁴ மீட்டர் என்ற எதிர்முடுக்கம்.

சரி, வேலை? அதே ஆரப் புலத்தின் மேல் எலக்ட்ரானின் நேர் வேகமும் செயல்படுகிறது. அதனால் வரும் விசை சுற்றும் திசையிலேயே தள்ளி, சுற்று வேகத்தைக் கூட்டுகிறது. நேர் ஓட்டம் எவ்வளவு இழக்கிறதோ, சுழற்சி அவ்வளவே பெறுகிறது. மொத்த ஆற்றல் 1000 எலக்ட்ரான் வோல்ட்டாகவே நிற்கிறது. காந்தப்புலம் எதையும் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை. ஒரு பையிலிருந்ததை மறு பைக்கு மாற்றியது, அவ்வளவே.

துகளின் காந்தத் திருப்புத்திறன் μ மாறாது என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? எடுத்துக்கொண்ட விதியா, கணக்கில் வருவதா?

கணக்கில் வருவதுதான். மேலே சொன்ன விசையில் Br-க்கு வாய்பாட்டைப் போட்டு, r-க்கு m v⊥/(qB) போட்டால் நீளவாக்கு விசை −μ dB/dz என்று வருகிறது. இதில் μ = m v⊥²/(2B). இது அந்தச் சின்ன வட்ட மின்னோட்டத்தின் காந்தத் திருப்புத்திறன்.

இந்த விசையால் நேர் ஓட்டத்தின் ஆற்றல் குறையும் வேகம், μ-வையும் துகள் காணும் புலம் கூடும் வேகத்தையும் பெருக்கியதற்குச் சமம். மொத்த ஆற்றல் மாறாததால் குறுக்கு ஆற்றல் அதே அளவு கூட வேண்டும். ஆனால் குறுக்கு ஆற்றல் என்பதே μB. ஆக, μB கூடும் வேகமும் μ × (B கூடும் வேகம்) என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அது நடக்க ஒரே வழி, μ மாறாமல் இருப்பது.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். r²B மாறாது, அதாவது வட்டத்துக்குள் சிக்கிய காந்தப் பாயம் மாறாது. புலம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் பரப்பு பாதியாகும். எனக்கு இந்தப் படம்தான் எப்போதும் கைகொடுக்கிறது: துகள் ஒரு பாயக் குழாயின் சுவரைத் தடவிக்கொண்டே ஓடுகிறது, குழாய் குறுகும்போது சுருளும் குறுகுகிறது.

எலக்ட்ரான் சரியாக எந்த இடத்தில் திரும்பும்?

நடுவில் 45° என்பதால் குறுக்கு ஆற்றல் 500, நேர் ஆற்றல் 500 எலக்ட்ரான் வோல்ட். குறுக்கு ஆற்றல் புலத்துக்கு நேர்விகிதம். எனவே 12.5 செ.மீ. தொலைவில், புலம் 1.25 மடங்கு ஆன இடத்தில், குறுக்கு ஆற்றல் 625. நேர் ஆற்றலுக்கு மிச்சம் 375. புலம் 2 மடங்கு ஆகும் இடத்தில் குறுக்கு ஆற்றலே 1000 ஆகிவிடுகிறது, நேர் ஓட்டத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதுதான் திரும்பும் புள்ளி. நம் வாய்பாட்டில் புலம் இரு மடங்காவது z = a என்ற இடத்தில், அதாவது நடுவிலிருந்து 25 செ.மீ. தொலைவில். கழுத்துக்குப் பாதி வழியிலேயே எலக்ட்ரான் திரும்பிவிடுகிறது.

பொதுவாக எழுதினால், நடுவில் சாய்வு α0 என்றால் திரும்பும் புலம் Bm = B0/sin²α0. ஆற்றல் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 10 எலக்ட்ரான் வோல்ட்டானாலும் 1000 ஆனாலும், சாய்வு 45° என்றால் திரும்பும் இடம் ஒன்றே.

இந்தக் குடுவையை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். புலம் z²-ஆகக் கூடுவதால் μB ஒரு பரவளையப் பள்ளம், எலக்ட்ரானின் நீளவாக்கு ஓட்டம் ஒரு தனிச் சீரிசை இயக்கம். அதன் கோண அதிர்வெண் v⊥0/a. ஒரு முழு அலைவுக்கு 118 நானோ வினாடி. அந்த நேரத்தில் எலக்ட்ரான் காணும் சராசரிப் புலம் 0.15 டெஸ்லா என்பதால், ஒரு போக்குவரத்தில் அது அச்சைச் சுமார் 500 முறை சுற்றுகிறது. திரும்பும் இடத்தில் சுருளின் ஆரம் 0.75-இலிருந்து 0.53 மி.மீ. ஆகச் சுருங்கியிருக்கும்.

திரும்பும் புள்ளியில் நேர் வேகம் சுழியாகிவிடுகிறதே, அங்கேயே நின்று சுற்றிக்கொண்டிருக்காதா?

இருக்காது. வேகம்தான் சுழி, விசை சுழி இல்லை. மேலே எறிந்த கல் உச்சியில் தங்கிவிடுவதில்லை, அதே போலத்தான். இன்னும் சொன்னால், நம் குடுவையில் தள்ளும் விசை அந்த இடத்தில்தான் பயணத்திலேயே மிக அதிகம். அங்கே புரிகள் ஒன்றின் மேல் ஒன்று நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், பிறகு மெல்ல விலகும். சுருள் படத்தை வரைந்து பார்த்தால், திரும்பும் புள்ளி கறுத்து அடர்ந்து தெரிவது இதனால்தான்.

நடுப்புள்ளியில் சரியாக 90° சாய்வில் விட்ட துகள் மட்டும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே dB/dz சுழி.

எந்தத் துகளும் தப்பிக்காதா?

தப்பிக்கும். திரும்புவதற்குத் தேவையான புலம் கழுத்தில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால், திரும்ப இடமே இல்லை. கழுத்துப் புலத்துக்கும் நடுப் புலத்துக்கும் உள்ள விகிதம் ஆடி விகிதம், R. இங்கே R = 5. எல்லைக் கோணம் sin²α = 1/R, அதாவது 26.6°.

அதே எலக்ட்ரானை 30° சாய்வில் விட்டால் குறுக்கு ஆற்றல் 250. புலம் 0.4 டெஸ்லா ஆகும் இடத்தில், 43 செ.மீ. தொலைவில் திரும்பிவிடும். 20° சாய்வில் விட்டால் குறுக்கு ஆற்றல் 117. கழுத்தில் அது 5 மடங்காகி 585 தான் ஆகும். நேர் ஓட்டத்துக்கு இன்னும் 415 மிச்சம் இருக்கிறது. எலக்ட்ரான் வேகம் குறைந்தாலும் நிற்காமல் கழுத்தைத் தாண்டி வெளியே போய்விடும்.

புலத்தின் திசையைச் சுற்றி 26.6° அரைக்கோணமுள்ள கூம்பு இருபுறமும் வரைந்தால், அதற்குள் அகப்படும் திசைகள் எல்லாம் வெளியேறுபவை. இதற்கு இழப்புக் கூம்பு என்று பெயர். இங்கே பலர் ஒரு தப்பு செய்கிறார்கள்: 90°-இல் 26.6° என்றால் 30 சதவீதம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். எல்லாத் திசையிலும் சமமாகப் பரவிய துகள்களில், அச்சை ஒட்டிய திசைகளுக்குத் திண்மக் கோணத்தில் இடம் குறைவு. சிக்கும் பங்கு √(1 − 1/R). R = 5 என்றால் அது 89.4 சதவீதம். முதல் ஓட்டத்திலேயே போவது 10.6 சதவீதம் மட்டும்.

நானே சிமுலேஷன் எழுதினேன். புலத்தை z-உடன் கூட்டினாலும் துகள் திரும்பவே இல்லை, நேராக வெளியே போகிறது. என்ன தப்பு?

B-க்கு z கூறு மட்டும் கொடுத்திருப்பீர்கள். நானும் முதல் தடவை அதையேதான் செய்தேன். இரண்டு நாள் காலப்படியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. நேர் வேகத்தை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: கடைசி இலக்கம் வரை அது மாறாமல் இருந்தது. Bz மட்டும் இருந்தால் v × B-க்கு z கூறே கிடையாது, எனவே நீளவாக்கு விசை சரியாகச் சுழி. மேலே சொன்ன 900-இல் ஒரு பங்கு ஆரப் புலத்தை விட்டுவிட்டால் ஆடியே இல்லை.

புலத்தை இப்படிக் கொடுங்கள்:

```python
def field(x, y, z):
    Bx = -B0 * x * z / a**2
    By = -B0 * y * z / a**2
    Bz = B0 * (1 + (z*z - 0.5*(x*x + y*y)) / a**2)
    return np.array([Bx, By, Bz])

def push(r, v, dt):
    t = 0.5 * dt * (q/m) * field(*r)
    s = 2 * t / (1 + t @ t)
    v = v + np.cross(v + np.cross(v, t), s)
    return r + v * dt, v
```

Bz-இல் உள்ள x, y உறுப்பு, குடுவைக்குள் மின்னோட்டம் இல்லை என்ற நிபந்தனைக்காக. `push` என்பது போரிஸ் முறை. இது திசைவேகத்தைச் சுழற்றுவது மட்டும்தான், அதன் நீளத்தைத் தொடுவதில்லை. அதனால் ஆயிரக்கணக்கான சுற்றுக்குப் பிறகும் ஆற்றல் நழுவாது. சாதாரண ரங்கே-குட்டா முறையில் ஆற்றல் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக விலகும். நீண்ட ஓட்டத்தில் அந்த விலகல் திரும்பும் புள்ளியையே நகர்த்திவிடும்.

காலப்படி 5 பிக்கோ வினாடி போதும். 45° எலக்ட்ரான் காணும் மிக வலிய புலம் 0.2 டெஸ்லா, அங்கே ஒரு சுற்றுக்கு 179 பிக்கோ வினாடி ஆகும். அதாவது சுற்றுக்கு 36 படிகள். தொடக்கத்தில் எலக்ட்ரானை x = 0.754 மி.மீ.-இல் வைத்து, குறுக்கு வேகத்தை +y திசையில் கொடுங்கள், சுருளின் மையம் அச்சில் விழும். ஓட்டி முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: மொத்த வேகம் மாறியிருக்கக் கூடாது, z-இன் உச்சம் 25 செ.மீ.-க்கு அருகில் இருக்க வேண்டும்.

μ-வை வரைந்தேன். நேர்கோடு வரவில்லை, மெல்லிய அலை தெரிகிறது. நிரல் தப்பா?

பெரும்பாலும் இல்லை. துகள் இருக்கும் புள்ளியின் புலத்தை வைத்து m v⊥²/(2B) கணக்கிட்டிருப்பீர்கள். சுருளின் மையம் அச்சிலிருந்து தள்ளி இருந்தால், வட்டத்தின் ஒரு பக்கம் புலம் சற்றுக் கூடுதல், மறுபக்கம் சற்றுக் குறைவு. அதனால் சுழற்சிக்கு ஒத்த வேகத்தில் ஒரு சிற்றலை வரும். சுற்றுக்கள் மேல் சராசரி எடுத்தால் அது மறைந்து கோடு படுத்துவிடும்.

உண்மையான கோளாறை வேறு விதமாகக் கண்டுபிடிக்கலாம். சராசரியும் ஒரே பக்கமாக நகர்கிறதா? காலப்படியைப் பாதியாக்கினால் அந்த நகர்வு குறைகிறதா? குறைந்தால் குற்றம் எண்முறையில். குறையாமல், நடுத்தளத்தைத் தாண்டும்போதெல்லாம் μ ஒரு படி ஏறியோ இறங்கியோ அமர்ந்தால், அது எண்முறைக் குற்றமே இல்லை. இயற்பியல் அப்படித்தான் சொல்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

எலக்ட்ரானுக்குப் பதில் அதே ஆற்றலில் புரோட்டானை விட்டால்?

இழப்புக் கூம்பு அதேதான், வாய்பாட்டில் நிறை இல்லை. ஆனால் வாய்பாடு செல்லுமா என்பதுதான் கேள்வி.

ஒரே ஆற்றலில் ஆரம் நிறையின் வர்க்கமூலத்தோடு கூடும், அது சுமார் 43 மடங்கு. 1000 எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானின் சுருள் ஆரம் 3.2 செ.மீ., புரியிடைத் தூரம் 20 செ.மீ. புலம் மாறும் அளவுகோலே 25 செ.மீ. தான். ஒரு போக்குவரத்தில் 500 சுற்று எங்கே, இங்கே 12 சுற்றுகூட முழுதாக இல்லை. μ இன்னும் ஓரளவு நிற்கும். ஆனால் சிற்றலை பெரிதாகும், நடுத்தளத்தை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் μ-வில் ஒரு சிறிய நிலையான மாற்றம் மிஞ்சலாம். அது கூடுமா குறையுமா என்பது அந்தக் கணத்தில் துகள் வட்டத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

10,000 எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் என்றால் பேச்சே வேறு. ஆரம் 10 செ.மீ., ஒரு சுற்றில் முன்னேற்றம் 64 செ.மீ. நடுவிலிருந்து கழுத்துக்கு உள்ள தூரமே 50 செ.மீ. "மெல்ல" என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை, μ-வை வைத்துத் திரும்பும் இடத்தைச் சொல்ல முடியாது. அதைத் திரும்பவும் சிக்கவைக்க வேண்டுமானால் புலத்தைப் பல மடங்கு கூட்ட வேண்டும், அல்லது குடுவையை நீட்ட வேண்டும்.

மின்னூட்டக் குறி மாறினால் ஆடி வேலை செய்யுமா, இல்லை உள்ளே இழுத்துக்கொள்ளுமா?

வேலை செய்யும். குறி மாறினால் சுற்றும் திசை மாறும், இரண்டு மாற்றமும் சேர்ந்து வட்ட மின்னோட்டத்தின் திசை பழையபடியே இருக்கும். அந்தக் குட்டிக் காந்தம் எப்போதும் வெளிப்புலத்துக்கு எதிராகவே நிற்கும், எனவே வலிய புலத்திலிருந்து எப்போதும் விலக்கப்படும்.

சுருளின் மையம் அச்சில் இல்லாவிட்டால் துகள் பக்கவாட்டில் வழுக்கி வெளியே போய்விடாதா?

வழுக்கும், ஆனால் வெளியே இல்லை, அச்சைச் சுற்றி. மையம் அச்சிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருந்தால், நடுத்தளத்தில் கோட்டின் வளைவும் புலத்தின் குறுக்குச் சரிவும் சேர்ந்து மையத்தை வினாடிக்குச் சுமார் 5 கி.மீ. வேகத்தில் நகர்த்தும். 13,000 கி.மீ. வேக ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஊர்தல். குடுவை வட்டச் சமச்சீர் உடையதாக இருக்கும் வரை, மையம் அச்சைச் சுற்றி வந்துவிடும், தொலைவு கூடாது.

தனித் துகளுக்கு இது ஆபத்தில்லை. பிளாஸ்மா நிறைந்திருந்தால் கதை வேறு: எலக்ட்ரான்களும் அயனிகளும் எதிரெதிர்த் திசையில் ஊர்வதால் மின்னூட்டம் பிரிந்து, பிளாஸ்மா மொத்தமாகப் பக்கவாட்டில் பிதுங்கும். 1960-களின் தொடக்கத்தில் சோவியத் ஆய்வாளர் ஐயோஃபே, குடுவையைச் சுற்றி நீளவாக்கில் மின்னோட்டக் கம்பிகளை வைத்து, எந்தப் பக்கம் போனாலும் புலம் கூடும்படி செய்து இதை அடக்கினார்.

சிக்கிய துகள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கும்?

ஒன்றே ஒன்று இருந்தால், நல்ல வெற்றிடத்தில், மிக நீண்ட நேரம். கூட்டமாக இருந்தால் ஒன்றையொன்று மோதித் திசை மாறும் வரைதான். மோதல் ஒவ்வொன்றும் சாய்வுக் கோணத்தைச் சிறிது அசைக்கிறது. அசைந்து அசைந்து 26.6°-க்குள் விழுந்த துகள் அடுத்த கழுத்தில் போய்விடும். காலியான கூம்பை மோதல்கள் மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கும், ஓயாத கசிவு.

கழுத்தின் புலத்தை இன்னும் கூட்டினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். கசிவு நேரம் R-இன் மடக்கையோடுதான் கூடுகிறது. R-ஐ 5-இலிருந்து 25 ஆக்கினால் நேரம் இரண்டு மடங்குதான். அதோடு எலக்ட்ரான்கள் அயனிகளைவிட மிக விரைவாகத் திசை மாறி முதலில் வெளியேறுகின்றன. உள்ளே மிஞ்சும் நேர்மின் அழுத்தம் எலக்ட்ரான்களைப் பிடித்து நிறுத்தும், அயனிகளை வெளியே தள்ளும். அணு இணைவுக்கு எளிய ஆடிக் குடுவை போதாமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுவே. அமெரிக்காவில் லிவர்மோரில் கட்டப்பட்ட பெரிய ஆடி இயந்திரம் MFTF-B, 1986-இல் கட்டி முடித்த கையோடு இயக்கப்படாமலே மூடப்பட்டது.

பூமியைச் சுற்றி இருக்கும் வான் ஆலன் பட்டைகளும் இதே கதைதானா?

அதே கதை, அளவுதான் வேறு. 1958-இல் எக்ஸ்ப்ளோரர் செயற்கைக்கோள்களின் அளவீடுகளைக் கொண்டு வான் ஆலன் குழு இந்தச் சிக்கிய மின்துகள் பட்டைகளைக் கண்டறிந்தது. பூமியின் காந்தப்புலத்தில் நடு என்பது நிலநடுக்கோட்டுத் தளம், கழுத்துகள் இரு துருவப் பக்கமும். புவி மையத்திலிருந்து 4 புவி ஆரத் தொலைவில் நடுக்கோட்டைக் கடக்கும் புலக்கோட்டை எடுத்தால், அது தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவுக்கும் விகிதம் சுமார் 115. இழப்புக் கூம்பின் அரைக்கோணம் 5.3° மட்டுமே.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. கூம்புக்குள் விழுந்த துகள் கழுத்தைத் தாண்டி எங்கோ போவதில்லை. திரும்பும் புள்ளி காற்றுமண்டலத்துக்குள் இறங்கிவிடுகிறது, திரும்புவதற்குள் காற்று மூலக்கூறுகளில் மோதித் தன் ஆற்றலை அங்கேயே விட்டுவிடுகிறது.

புலம் இடத்தால் மாறாமல், நேரத்தால் மெல்லக் கூடினால்?

μ அப்போதும் மாறாது, ஆனால் மொத்த ஆற்றல் மாறும். நேரத்தோடு மாறும் காந்தப்புலம் சுற்றிலும் ஒரு மின்புலத்தைத் தூண்டுகிறது, வேலையை அது செய்கிறது. நம் எலக்ட்ரான் நடுவில் இருக்க, குடுவையின் புலம் எங்கும் ஒரே விகிதத்தில் மெல்ல இரு மடங்கானால், குறுக்கு ஆற்றல் 500-இலிருந்து 1000 ஆகும். நேர் ஆற்றல் அப்படி இரு மடங்காவதில்லை, அதனால் சாய்வுக் கோணம் கூடுகிறது. கழுத்துக்கும் நடுவுக்கும் உள்ள விகிதம் 5 ஆகவே இருப்பதால் இழப்புக் கூம்பு அகலவில்லை. எலக்ட்ரான் கூம்பின் விளிம்பிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது, திரும்பும் புள்ளியும் முன்னைவிட நடுவுக்கு அருகில் வந்துவிடுகிறது.